அறுபது நிறைந்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு குடியிருப்போர் சங்கம், 2026 ஜூன் 1 அன்று 60 வயது நிறைந்தவர்களுக்குச் சந்தாவில் பாதியைக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர் ஒருவர் பிறந்தது 1966 ஜூன் 10. வருடத்தை மட்டும் கழித்தால் வயது 60. வாழ்ந்த நாட்கள் 21,906. அதை 365ஆல் வகுத்தாலும் 60ஐத் தாண்டிவிடுகிறது. உண்மையில் அவருக்கு 59தான். பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

இடையில் வந்த 15 லீப் நாட்கள்தான் காரணம். சரி, 365.25ஆல் வகுக்கலாமே என்றால், 2008 ஜூன் 1 அன்று பிறந்தவர் தன் பதினெட்டாவது பிறந்தநாளன்றே 17 வயதுக்காரர் ஆகிவிடுகிறார்! வகுத்தலை விட்டுவிட்டு, இந்த வருடப் பிறந்தநாள் வந்துவிட்டதா என்று பார்ப்பதே சரியான வழி. வராவிட்டால் ஒன்றைக் குறைக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் நிறைந்த வயதைத்தான் எழுதுகிறார்கள். ‘60 நடக்கிறது’ என்பவர் அங்கே 59.

எக்செல் தாளில் B பத்தியில் பிறந்த தேதியும், E1 கட்டத்தில் கணக்கிடும் தேதியும் இருந்தால், C2 கட்டத்தில் இதை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
=DATEDIF(B2,$E$1,"Y")
```

E1 கட்டத்தில் `TODAY()` போடுவது நல்லதல்ல. நாளை திறந்தால் எண்ணிக்கை மாறியிருக்கும், பழைய அறிக்கையோடு ஒத்துப்போகாது.

அடுத்தது வயதுப் பிரிவுகள். 18–40, 40–60 என்று பிரித்தால் நாற்பது வயதுக்காரர் இரண்டிலும் எண்ணப்படுவார். 18–40, 41–59, 60உம் அதற்கு மேலும் என்று பிரித்தால் சிக்கல் இல்லை.

```
=COUNTIFS(C:C,">=18",C:C,"<=40")
```

மூன்று பிரிவுகளின் கூட்டுத்தொகை மொத்த உறுப்பினர் எண்ணிக்கைக்குச் சமமாக வர வேண்டும். குறைந்தால், பெரும்பாலும் தேதி எழுத்தாகப் பதிவாகியிருக்கும். மாதத்தை முன்னால் வைக்கும் அமெரிக்க முறையில் அமைந்த கணினி, 25/06/1966 என்பதைத் தேதியாக ஏற்காது. கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 10/06/1966 இன்னும் மோசம். அதை அக்டோபர் 6 என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். 1966-06-10 என்று வருடத்தை முதலில் வைத்து எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

கூட்டுத்தொகை சரியாக வந்தும் தவறு ஒளிந்திருக்கலாம். பிறந்த தேதி கொடுக்காதவரின் வெற்றுக் கட்டத்தை எக்செல் 1900ஆம் ஆண்டின் தொடக்கமாகக் கொள்கிறது. அவர் 126 வயதோடு மூத்தோர் பிரிவில் சேர்ந்து, சந்தாச் சலுகையும் பெற்றுவிடுவார். C பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பார்த்தால், இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் முதல் வரிகளிலேயே தெரிந்துவிடுவார்கள்.