60 செகண்ட் பிட்ச்: கடைசி 15 செகண்டை முதல்ல எழுதுங்க

காலேஜ் ஜூனியர் யாராவது பிசினஸ் பிளான் போட்டிக்குப் போனா, முந்தின நாள் ராத்திரி உங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் வரும்: "அண்ணா, 60 செகண்ட் பிட்ச். கேட்டுட்டு சொல்லுங்க." சம்பளம் வாங்குற ஆளுக்கு பண விஷயம் எல்லாம் தெரியும்னு அவங்க நம்பிக்கை! அந்த வாய்ஸ் நோட்ல எதைக் கவனிக்கணும்னு பார்ப்போம்.

அமைப்பு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கவனத்தை இழுக்கிற ஹூக், அப்புறம் பிரச்சினை, தீர்வு, கடைசியா ஆஸ்க், அதாவது நமக்கு என்ன வேணும்ங்கிற கோரிக்கை. ஆனா பிரச்சினையைச் சொல்றதுலயே 40 செகண்ட் ஓடிடும். மணி அடிக்கும்போது "எங்களுக்கு சப்போர்ட் பண்ணுங்க"ன்னு முடிப்பாங்க. எவ்வளவு, எதுக்குன்னு தெரியாம ஜட்ஜ் எதை சப்போர்ட் பண்றது? அதனால பிட்சை பின்னாடியிலிருந்து எழுதச் சொல்லுங்க. எவ்வளவு பணம், அதுல என்ன வாங்கப் போறோம், எப்போ திரும்ப எடுப்போம். இந்த மூணும் முடிவானா, முன்னாடி எதைச் சொல்லணும், எதை விடணும்னு தெளிவாயிடும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். இன்ஜினியரிங் முதல் வருஷத்துல டிராயிங் பேப்பருக்காக வாங்கற டிராப்டர். பல பிரிவுகள்ல ஒரே ஒரு செமஸ்டர்தான் அதுக்கு வேலை. புதுசு 500 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு டீம் அதை சீனியர்கிட்ட 200 ரூபாய்க்கு வாங்கி, ஜூனியருக்கு 150 ரூபாய் வாடகைக்குத் தருது. அதோட திருப்பித் தர்ற டெபாசிட் 200 ரூபாய்.

அவங்க முதல் டிராஃப்ட்ல ஆஸ்க் இப்படி இருக்கும்: "100 டிராப்டர், ஆளுக்கு 350 ரூபாய், செமஸ்டருக்கு 35,000 வருமானம். வருஷத்துக்கு 70,000. 10 லட்சம் கொடுங்க, 10 சதவீத பங்கு தர்றோம்."

இதுல மூணு ஓட்டை இருக்கு. டெபாசிட் வருமானம் இல்லை, அது கடன். செமஸ்டர் முடிஞ்சா எண்ணித் திருப்பிக் கொடுக்கணும். ஆக வருமானம் 35,000 இல்லை, 15,000தான். அடுத்து, அடுத்த செமஸ்டர்ல அந்தப் பேப்பரே கிடையாது. ரெண்டால பெருக்கவே கூடாது. மூணாவது, டிவி நிகழ்ச்சியைப் பார்த்து வர்ற பழக்கம். 10 லட்சத்துக்கு 10 சதவீதம்னா, உங்க பிசினஸோட மதிப்பு 1 கோடின்னு அர்த்தம். வருஷம் 15,000 வாடகை வர்ற தொழிலுக்கு 1 கோடியா? அதோட, கம்பெனியே பதிவு பண்ணாதவங்ககிட்ட கொடுக்கறதுக்கு ஷேர் ஏது?

இப்போ சரியான கணக்கு. 100 டிராப்டர் வாங்க 20,000. வாடகை 15,000. ஸ்க்ரூ, ஸ்கேல் மாத்தற செலவு ஒண்ணுக்கு 30 ரூபாய்னா 3,000. மிச்சம் வருஷத்துக்கு 12,000. தொலைஞ்சு போனா அந்த 200 ரூபாய் டெபாசிட் ஈடு கட்டிடும். ஆக போட்ட பணம் ரெண்டாவது வருஷம் திரும்பிடும். இதை வச்சு பிட்ச் எழுதினா இப்படி வரும்:

"முதல் வருஷம் 500 ரூபாய் கொடுத்து வாங்கின டிராப்டர் இப்போ எங்கே இருக்கு? என்னோடது கட்டிலுக்கு அடியில. ஒரே செமஸ்டர்தான் அதுக்கு வேலை. ஆனா ஒவ்வொரு பேட்ச்சும் புதுசு வாங்குது. நாங்க சீனியர்கிட்ட 200 ரூபாய்க்கு வாங்கி, சரிபார்த்து, ஜூனியருக்கு 150 ரூபாய் வாடகைக்குத் தர்றோம். இந்த வருஷம் 20 கொடுத்தோம். 18 நல்லபடியா திரும்பி வந்துச்சு. மீதி ரெண்டுக்கும் டெபாசிட் எங்ககிட்ட இருக்கு. எங்களுக்குத் தேவை 20,000 ரூபாய். அதுல 100 டிராப்டர் வாங்குவோம். ரெண்டாவது வருஷம் போட்ட பணத்தை எடுத்துடுவோம்."

நிதானமா, மூச்சு விட்டுப் பேசினாலும் 60 செகண்டுக்குள்ள முடியும். 18ங்கிற எண்ணைக் கவனிங்க. "செமையா போச்சு"ன்னு சொல்றதைவிட, திரும்ப வராத ரெண்டையும் சேர்த்துச் சொன்னதுதான் ஜட்ஜை நம்ப வைக்கும். 3,000, 12,000 எல்லாம் பிட்ச்ல வேண்டாம். கேள்வி நேரத்துக்கு ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கச் சொல்லுங்க.

விவரமான ஜட்ஜ் ஒருத்தர் நிச்சயம் இதைக் கேட்பார்: "100 பேர்கிட்ட 200 ரூபாய் டெபாசிட் வாங்கினா அதுவே 20,000 ஆச்சே, அப்புறம் எதுக்கு என் பணம்?" நல்ல கேள்வி. இதுக்குப் பதில் தேதியில இருக்கு. சீனியர் பரீட்சை முடிச்சு ஹாஸ்டலைக் காலி பண்ற வாரத்துல டிராப்டரை வாங்கியாகணும். டெபாசிட் கொடுக்கப் போற ஜூனியர் அப்போ காலேஜ்லயே சேர்ந்திருக்க மாட்டான். அப்படியே வந்தாலும், செமஸ்டர் முடிவுல திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அது.