நீர்க்கட்டி என்று தேடுபவரும் PCOD என்று தேடுபவரும்

ஊரில் ஒரு மகளிர் மன்றம் மகப்பேறு மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேச வைக்கிறது. நாற்பது நிமிடப் பேச்சு. தமிழும் ஆங்கிலமும் கலந்து, கூட்டம் சிரிக்கச் சிரிக்க, பயம் தெளியத் தெளியப் பேசுகிறார். யாரோ ஒருவர் நன்றாகப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுகிறார். தலைப்பு: ‘மகளிர் நலம் - சிறப்புச் சொற்பொழிவு - பகுதி 3’. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மன்றத்து உறுப்பினர்களும் மருத்துவரின் சொந்தக்காரர்களும் பார்த்ததோடு சரி.

அந்தத் தலைப்பில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ‘சிறப்புச் சொற்பொழிவு’ என்று யாரும் தேடுவதில்லை, பகுதி 3 வேண்டும் என்றும் யாரும் வருவதில்லை. மாதவிடாய் இரண்டு மாதமாக வரவில்லை என்று இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியை எடுக்கிற பெண் என்ன அடிக்கிறாள் என்பதுதான் கேள்வி. இங்கே இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டம் தமிழ் எழுத்தில் அடிக்கிறது, அல்லது மைக்கை அழுத்திச் சொல்கிறது. இன்னொரு கூட்டம் ஆங்கில எழுத்தில் அடிக்கிறது. இருவரும் தமிழ்ப் பேச்சைத்தான் கேட்க விரும்புகிறார்கள்.

தலைப்பு எழுதுகிறவர்கள் பலர் தமிழில் ஒரு வரி எழுதி, கோடு போட்டு, அதையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஒட்டிவிடுகிறார்கள். இதனால் இரு கூட்டமும் கிடைப்பதில்லை. ஒருவர் தேடும் சொல்லின் மொழிபெயர்ப்பை மற்றவர் தேடுவதில்லை. இவர் ஒரு சொல்லில் தேடினால் அவர் வேறொரு சொல்லில் தேடுகிறார். மருத்துவர் ஸ்கேன் சீட்டில் PCOD என்று எழுதியதைப் பார்த்தவர் அந்த நான்கு எழுத்தை அப்படியே அடிப்பார். அதன் விரிவு polycystic என்று தொடங்கும் நீண்ட பெயர். அதை எழுத்துப் பிழையில்லாமல் அடிக்க எத்தனை பேரால் முடியும்? அந்தச் சீட்டைத் தன் அம்மாவிடம் காட்டி விளக்கம் கேட்டவர் ‘நீர்க்கட்டி’ என்று தேடுவார். கலைச்சொல் அகராதியில் உள்ள ‘சினைப்பை நோய்க்குறி’ வகைச் சொற்களை இருவருமே தேடமாட்டார்கள்.

ஆகவே முதல் வேலை பேச்சைக் கேட்பது. மருத்துவரும் கேள்வி கேட்கும் பெண்களும் வாயால் சொன்ன சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தப் பேச்சில் பி.சி.ஓ.டி., நீர்க்கட்டி, பீரியட்ஸ் தள்ளிப்போகுது, வெயிட் ஏறுது, முகத்தில் முடி என்று ஏழெட்டுச் சொற்கள் தேறும். குறிப்பாகக் கடைசிப் பத்து நிமிடக் கேள்வி நேரத்தைக் கவனியுங்கள். மேடையில் இருப்பவர் சொல்லும் சொல்லைவிட, எதிரில் உட்கார்ந்து கேட்பவரின் சொல்தான் தேடுபெட்டியில் விழும்.

அடுத்து அந்தச் சொற்களைத் தேடிப் பார்க்க வேண்டும். உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஏற்கெனவே தேடியதெல்லாம் முன்னால் வந்து நின்று குழப்பும். யூடியூப் தேடுபெட்டியில் pcod என்று அடித்து, எண்டர் தட்டாமல், ஓர் இடைவெளி மட்டும் விடுங்கள். கீழே விரிகிற பரிந்துரைகள் பலர் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருபவை. பிறகு இடைவெளிக்கு அடுத்து t என்று ஓர் எழுத்து. ஆங்கில எழுத்தில் தேடும் தமிழர் பலருக்குக் கடைசியில் tamil அல்லது in tamil என்று சேர்க்கும் பழக்கம் உண்டு. இல்லாவிட்டால் இந்தியும் தெலுங்கும் வந்து குவியும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பேச்சு தமிழில்தான் இருக்கிறது, தலைப்பிலும் தமிழ் எழுத்து இருக்கிறது, இருந்தாலும் Tamil என்ற ஆங்கிலச் சொல் தலைப்பில் வந்தாக வேண்டும். தமிழ் ஆர்வலர்கள் சிலருக்கு இது உறுத்தும். எனக்கும் முதலில் உறுத்தியது.

இரண்டு சொல்லில் எது கூடுதலாகத் தேடப்படுகிறது என்ற சந்தேகம் வந்தால் கூகுள் டிரெண்ட்ஸ் இருக்கிறது. இடத்தைத் தமிழ்நாடு என்று குறுக்கி, இணையத் தேடலுக்குப் பதிலாக யூடியூப் தேடல் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். பலர் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அது காட்டுவது 0 முதல் 100 வரையிலான ஒப்பீடு. எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை அதில் இல்லை. குறைவாகத் தேடப்படும் தமிழ்ச் சொற்களுக்குப் போதிய தரவு இல்லை என்றும் சொல்லிவிடும். அதை ‘யாருமே தேடவில்லை’ என்று படித்துவிடக் கூடாது.

இப்போது தலைப்பு. யூடியூப் தருவது 100 எழுத்து. ஆனால் அதன் கணக்கு நம் கணக்கு அல்ல. ‘நீர்க்கட்டி’ நமக்கு ஆறெழுத்து. கணினிக்குப் பதினொன்று, புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனி இடம் பிடிக்கும். முழுத் தமிழ்த் தலைப்போடு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தால் பெட்டி நிறைந்துவிடுவது இதனால்தான். இருந்த இடத்துக்குள் நான் எழுதக்கூடியது இது:

PCOD நீர்க்கட்டி: பீரியட்ஸ் ஏன் தள்ளிப்போகுது? | Irregular Periods Tamil

கணினிக் கணக்கில் 72. இதில் எந்தப் பாதியும் மற்றப் பாதியின் மொழிபெயர்ப்பு அல்ல. முதல் இரண்டு சொல்லிலேயே இரு கூட்டத்தின் முக்கியச் சொல்லும் வந்துவிடுகிறது. நடுவில் இருப்பது பேச்சில் கேட்ட கேள்வி, பேச்சுத் தமிழிலேயே. கடைசிப் பகுதி நோயின் பெயர் தெரியாமல் அறிகுறியை மட்டும் ஆங்கிலத்தில் தேடுபவருக்கு.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தேடுபொறி தலைப்பு முழுவதையும் படிக்கும். கண் அப்படிப் படிக்காது. கைப்பேசித் திரையில் தலைப்பின் வால் பல இடங்களில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாகிவிடும். எனவே கண்ணுக்குத் தேவையானது முன்னால், பொறிக்கு மட்டும் தேவையானது பின்னால். மருத்துவரின் பெயரும் மன்றத்தின் பெயரும் விளக்கக் குறிப்புக்குப் போகலாம். அவர் பெயரைச் சொல்லியே தேடும் அளவுக்குப் புகழ்பெற்றவர் என்றால் கதை வேறு. பட்டிமன்றப் பேச்சாளர்களின் பெயர்தான் தலைப்பின் தலை.

ஒரு சங்கடம் பாக்கி இருக்கிறது. மக்கள் வழக்கில் இது ‘கருப்பை நீர்க்கட்டி’. ஆனால் கோளாறு இருப்பது சினைப்பையில். அந்தக் ‘கட்டி’களும் உண்மையில் கட்டிகள் அல்ல, முழுதாக வளராமல் நின்றுபோன சின்னஞ்சிறு முட்டைப் பைகள். மருத்துவர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார். என் தீர்ப்பு: ‘நீர்க்கட்டி’ இருக்கட்டும், ‘கருப்பை’ வேண்டாம். வழக்குச் சொல்லை விட்டால் தேடுபவர் வரமாட்டார். தவறான உறுப்பின் பெயரைத் தலைப்பில் போட்டால் தவறு நம் பெயரில் பரவும். பேச்சின் முதல் ஐந்து நிமிடத்தில் மருத்துவரே அதைத் திருத்துகிறார் என்றால் இன்னும் நல்லது. ‘நிரந்தரத் தீர்வு’, ‘ஒரே வாரத்தில்’ போன்றவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சில் இல்லாத வாக்குறுதி தலைப்பிலும் இருக்கக் கூடாது.

மூன்றாவதாக ஒரு சிறு கூட்டமும் உண்டு. தமிழையே ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள்: neerkatti, neer katti, nirkatti. ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் என்பதால் தலைப்பில் இவர்களுக்கு இடம் கொடுத்து முடியாது. யூடியூபின் டேக் பெட்டி இதற்குத்தான் பயன்படும். வீடியோவைக் கண்டுபிடிப்பதில் டேக்குகளின் பங்கு மிகக் குறைவு, அடிக்கடி பிழையாக எழுதப்படும் சொற்களுக்கே அவை உதவும் என்று யூடியூபே சொல்கிறது. அங்கே 500 எழுத்து வரை இடமிருக்கிறது. ‘நீர்கட்டி’ என்று ஒற்று விட்டு அடிப்பவருக்கும் அதுவே இடம். இவற்றையெல்லாம் விளக்கக் குறிப்பில் கொத்தாகக் கொட்டுவது விதிமீறல், வீடியோவே நீக்கப்படலாம். அங்கே இரண்டு மூன்று முழு வாக்கியம் எழுதி, இருமொழிச் சொற்களையும் இயல்பாக வரவிடுவது போதும்.

ஒரே வீடியோவுக்கு மொழிக்கு ஒரு தலைப்பு வைக்கும் வசதியும் யூடியூப் ஸ்டுடியோவில் இருக்கிறது. பார்ப்பதற்கு நம் சிக்கலுக்கே செய்த மருந்து போலிருக்கும். ஆனால் எந்தத் தலைப்பைக் காட்டுவது என்பதைப் பார்ப்பவரின் மொழி அமைப்பைப் பார்த்து அது முடிவு செய்கிறது. நம் ஊரில் தமிழ் மட்டுமே கேட்பவர் பலரின் கைப்பேசியும் ஆங்கிலத்தில்தான் அமைந்திருக்கிறது. கடைக்காரர் கொடுத்தபடியே இருக்கும். அவருக்கு முழு ஆங்கிலத் தலைப்பு தெரியும், ‘இங்கிலீஷ் பேச்சு போல’ என்று தாண்டிப் போய்விடுவார். ஆங்கில வசன வரிகள் சேர்த்த வீடியோவுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். மற்றதற்கெல்லாம் கலந்த தலைப்பு ஒன்றே போதும்.

பழைய அச்சக வழக்கம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அழைப்பிதழ் அடித்த கோப்பிலிருந்து தலைப்பை வெட்டி ஒட்டாதீர்கள். அது பாமினி எழுத்துருவில் இருந்தால் ‘தமிழ்’ என்பது jkpo; என்று போய் விழும். எல்லாம் யூனிகோடில் இருக்க வேண்டும்.

வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள நான்கு வாரம் பொறுங்கள். ஸ்டுடியோவின் பகுப்பாய்வில், பார்வையாளர் எங்கிருந்து வந்தார்கள் என்ற இடத்தில் யூடியூப் தேடலைத் திறந்தால் அவர்கள் அடித்த சொற்களே வரிசையாக இருக்கும். தமிழ் எழுத்துச் சொற்கள் மட்டும் இருந்தால் ஆங்கிலப் பாதி தவறு. அறிகுறிச் சொல்லை மாற்றிப் பாருங்கள். இரண்டும் இருந்து, pcod என்று மட்டும் அடித்து வந்தவர்கள் அரை நிமிடத்தில் ஓடுகிறார்கள் என்றால், அவர்கள் வேறு மொழிக்காரர்களாக இருக்கலாம். Tamil என்ற சொல் வாலில் வெட்டுப்பட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. அதை முன்னால் நகர்த்தி, ‘PCOD Tamil | நீர்க்கட்டி’ என்று தொடங்கலாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், மாற்றிய தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றிவிட்டால் கூடியதும் குறைந்ததும் எதனால் என்று பிறகு சொல்ல முடியாது.