கரப்பானுக்கு நாமே போதும், கரையானுக்கு ஆள் வேண்டும்

“பூச்சி மருந்து அடிக்க எவ்வளவு ஆகும்?” என்று போன் போட்டு விசாரிப்பதற்கு முன், வீட்டில் இருப்பது எந்தப் பூச்சி என்று பார்த்துவிடுங்கள். செலவுக் கணக்கு முழுக்க அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. சென்னைப் புறநகரில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை என்று சுமார் 500 சதுர அடி. அந்த வீட்டுக்குக் கரப்பானும் வரலாம், கரையானும் வரலாம். நாமே செய்வதா, ஆளைக் கூப்பிடுவதா என்ற கேள்விக்கு இந்த இரண்டும் நேரெதிரான பதிலைத் தருகின்றன.

கரப்பானிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்றரை அங்குலத்துக்கு வளர்ந்து செம்பழுப்பாக இருப்பது சாக்கடைக் கரப்பான். பெரும்பாலும் அது குளியலறைத் தண்ணீர்ப் போக்கி வழியாக ஏறி வருகிறது. அதற்கு மருந்தே தேவையில்லை. தண்ணீர் இறங்கியதும் தானே மூடிக்கொள்ளும் ஜாலி ஒன்றை வாங்கிப் பொருத்தினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். சமையலறையை ஆட்டிப்படைப்பது இன்னொன்று. அரை அங்குலம்தான் இருக்கும், வெளிர்பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். ஜெர்மன் கரப்பான் என்பார்கள். இதன் பெண் பூச்சி முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட கூட்டை வயிற்றின் நுனியிலேயே சுமந்து திரிந்து, பொரிக்கும் தறுவாயில்தான் கீழே விடும். பொரித்த குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் தானும் முட்டையிடத் தயாராகிவிடும்.

ஸ்ப்ரே டின்னால் இது ஒழியாததற்குக் காரணம் அந்த முட்டைக்கூடுதான். மருந்து மேலே பட்ட பூச்சி சாகும். கூட்டுக்குள் இருப்பவை தப்பிக்கும். இடுக்கில் இருக்கும் மற்றவை வாடை பிடிக்காமல் அடுத்த அறைக்கு ஓடும். சில வாரம் கழித்துப் பழையபடி நிறைந்திருக்கும், நாம் இன்னொரு டின் வாங்குவோம். ஒரு டின் 200, 250 ரூபாய் என்றால் மாதம் ஒன்று வாங்கும் வீட்டில் ஆண்டுக்கு 2,500 ரூபாய் போகிறது. பூச்சியும் போவதில்லை. என்னைக் கேட்டால், சொந்தக் கையால் செய்கிற வைத்தியத்தில் இதுதான் மிக விலை உயர்ந்தது.

வேலை செய்வது ஜெல். ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் அல்லது இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம் கலந்த இரை இது, ஊசிக்குழாய் போன்ற டியூபில் வரும். தின்ற பூச்சி உடனே விழாது. இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் செத்துக் கிடக்கும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்ற கரப்பான்களுக்கும் விஷம் ஏறும். அதனால் எவ்வளவு வைக்கிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

விளக்கை அணைத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். எங்கிருந்து ஓடுகின்றன, எங்கே நுழைகின்றன என்று தெரியும். கதவின் கீல் உட்புறம், சிங்க்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, ஃப்ரிட்ஜின் மோட்டார் பக்கம், அடுப்பு மேடைக் கல்லின் அடிவிளிம்பு ஆகியவைதான் வழக்கமான இடங்கள். மிளகு சிதறியது போன்ற கரும்புள்ளிகள் இருந்தால் அது அவற்றின் எச்சம், இடம் உறுதி. அங்கெல்லாம் தீக்குச்சித் தலை அளவு புள்ளி வைத்தால் போதும். ஒரே இடத்தில் பெரிதாகப் பிதுக்குவதைவிடச் சின்னதாகப் பல இடங்களில் வைப்பது நல்லது. முந்தின நாள் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, குப்பையை வெளியேற்றிவிடுங்கள். வேறு தீனி கிடைத்தால் இரையைத் தொடாது. பிறகு அந்தப் பக்கம் ஸ்ப்ரே அடிக்கவோ பினாயில் போட்டுத் துடைக்கவோ கூடாது. அந்த வாடையில் பூச்சி இரையை அண்டாது. குழந்தைகள், பூனை, நாய் எட்டும் இடத்திலும் வைக்கக் கூடாது.

செலவைப் பார்ப்போம். கடைக்குக் கடை மாறும், தோராயமாகச் சொல்கிறேன். 30 கிராம் ஜெல் டியூப் 400 ரூபாய், ஒட்டு அட்டைகள் 150, ஓட்டைகளை அடைக்க வெள்ளைச் சிமெண்ட் அல்லது சிலிகான் 150. ஆக 700 ரூபாய். ஐம்பது புள்ளிக்குப் பத்து கிராம் போனாலும், இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, இன்னொரு மாதம் கழித்து ஒரு முறை வைக்க மருந்து மிச்சமிருக்கும். இந்த மறுமுறைகளை விடக் கூடாது. முட்டைக்கூட்டிலிருந்து பிறகு பொரித்து வருபவற்றைப் பிடிப்பது அவைதான்.

இதே வேலைக்கு ஆள் வந்தால் ஒரு முறைக்கு 1,000 முதல் 1,500 ரூபாய் கேட்கலாம், ஆண்டு ஒப்பந்தம் என்றால் 3,000 ரூபாய் அளவில் இருக்கலாம். அவரும் பெரும்பாலும் அதே ஜெல்லைத்தான் வைப்பார். கூடுதல் காசு அவர் கண்ணுக்கும் பொறுமைக்கும்தான். குனிந்து நிமிர முடியாத முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் அது கொடுக்க வேண்டிய காசு. ஆனால் பதினைந்து நிமிடத்தில் சுவரோரம் ஸ்ப்ரே அடித்துவிட்டுக் கிளம்புபவருக்குக் கொடுப்பது வீண். வாடை தூக்கலாக அடித்தால்தான் நல்ல மருந்து என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். அப்படி மூக்கைத் துளைத்த டைகுளோர்வாஸ் மருந்து 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை.

யார் செய்தாலும் பலித்ததா என்பதை ஒட்டு அட்டை சொல்லிவிடும். மருந்து வைப்பதற்கு முந்தின ராத்திரி சிங்க் அடியிலும் ஃப்ரிட்ஜ் பின்னாலும் வைத்து எண்ணுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடங்களில் திரும்ப வையுங்கள். இருபது இருந்தது மூன்று நான்காகக் குறைந்திருந்தால் சரியான பாதை. பெரிதாகக் குறையவில்லை என்றால் கூடு வேறெங்கோ இருக்கிறது, அல்லது பக்கத்து வீட்டிலிருந்து குழாய் ஓட்டை வழியாக வருகிறது. அடுக்குமாடியில் இரண்டாவது காரணத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கரையான் கதை வேறு. நிலைக்கதவில் ஏறும் மண் கோட்டைச் சுரண்டி மண்ணெண்ணெயோ ஸ்ப்ரேயோ அடித்தால் அந்தக் கோட்டில் இருந்தவை சாகும். புற்று மண்ணுக்குள் இருக்கிறது, சில வாரத்தில் வேறு வழியாக ஏறும். கட்டி முடித்த வீட்டில் செய்யும் முறை இது: தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துக் கரைசலை மண்ணுக்குள் இறக்கி, துளையை மூட வேண்டும்.

நம் வீட்டில் சுவர் ஓரம் 150 அடி என்று வைத்தால் 150 துளை, 150 லிட்டர் கரைசல். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்து லிட்டருக்கு 2.1 மில்லி வீதம் முந்நூறு மில்லிக்கு மேல் வேண்டும். மருந்து, துளைக்கருவி வாடகை, பிட், சிமெண்ட் எல்லாம் சேர்த்தால் 2,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஆள் சதுர அடிக்கு எட்டுப் பத்து ரூபாய் கேட்டால் 4,000 முதல் 5,000. மிச்சப்படுவது அதிகபட்சம் 3,000 ரூபாய்தான். டைல்ஸ் ஒன்று உடைந்தால், சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் பிட் இறங்கினால், அந்த மிச்சமும் போய்விடும். கரையான் திரும்ப வந்தால் யாரைக் கேட்பது என்பது அடுத்த கேள்வி. இங்கே நாம் வாங்குவது மருந்தை அல்ல, திரும்ப வந்து பார்ப்பேன் என்ற உத்தரவாதத்தை.

அதனால் கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி உரிமம் இருக்கிறதா, மருந்தின் பெயர் என்ன, டப்பாவை நம் முன்னால் உடைத்துக் கலப்பாரா, எத்தனை துளை, உத்தரவாதம் எத்தனை ஆண்டு? இவை ரசீதிலேயே இருக்க வேண்டும். சுவரை ஒட்டிக் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து தண்ணீரில் இறங்கும் என்பதால் அந்தப் பக்கச் சுவரைத் தொடக் கூடாது. அதைக் கேட்டும் அலட்டிக்கொள்ளாதவர் என்றால், எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வேறு ஆளைப் பாருங்கள்.