சுவர் எழுப்பும் பாஸ்வேர்டு

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, நானூறு வீடுகள் உள்ள ஓர் அடுக்ககம் என்று வைத்துக்கொள்வோம். வைஃபையின் பெயர் எல்லா மாடிக்கும் ஒன்றுதான். பாஸ்வேர்டு மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. பி பிளாக் 304-இல் புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சாவிக்கொத்தோடு ஒரு சீட்டையும் கொடுக்கிறார் அசோசியேஷன் மேனேஜர். அதிலிருப்பதைப் போனில் அடித்ததும் நெட் வந்துவிடுகிறது. மறுவாரம் எதிர்வீட்டுப் பையன் வந்து நிற்கிறான். "அக்கா, எங்க வீட்டு கோடு கனெக்ட் ஆகல. உங்க கோடு சொல்லுங்களேன், கிளாஸ் ஆரம்பிச்சிரும்." அக்காவும் சொல்லிவிடுகிறார். அன்று இரவு, ரிமோட்டை யாரும் தொடாமலே 304-இன் டிவியில் கார்ட்டூன் ஓடத் தொடங்குகிறது.

டிவிக்கு ஒரு கோளாறும் இல்லை. பையன் தன் வீட்டில் உட்கார்ந்து போனில் காஸ்ட் பொத்தானை அழுத்தினான். பட்டியலில் அவன் வீட்டு டிவி இல்லை, எதிர்வீட்டு டிவிதான் இருந்தது.

இதற்குக் காரணம், இத்தகைய இணைப்பு வீட்டை அடையாளம் காணும் முறை. போன் பாஸ்வேர்டை அப்படியே காற்றில் அனுப்புவதில்லை. அதை வைத்துப் போட்ட ஒரு கணக்கின் விடையை மட்டும் அனுப்புகிறது. மறுமுனையில் வைஃபை அமைப்பு தன்னிடமுள்ள பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கிறது. 304-இன் பாஸ்வேர்டுக்கு விடை பொருந்தினால், அந்தப் போனை 304-க்கென்று பிரித்துவைத்த தனி நெட்வொர்க்கில் சேர்த்துவிடுகிறது. போன் எந்த வீட்டில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பாஸ்வேர்டு யாருடையதோ அந்த வீட்டின் டிவி, பிரிண்டர், கேமரா எல்லாம் அந்தப் போனுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடுகின்றன.

அந்தப் போன் இணையத்தில் எதைச் செய்தாலும் பதிவேட்டிலும் 304 என்றுதான் விழும். தவறு செய்தவர் வேறொருவராக இருந்தாலும் கேள்வி வீட்டுக்காரரைத்தான் வந்தடையும். 2008 ஜூலை 26-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்னால் வந்த மிரட்டல் மின்னஞ்சலின் தடம் பிடித்துப் போன காவல்துறை, நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அடுக்ககத்தில் போய் நின்றது. அங்கே குடியிருந்த அமெரிக்கரின் வைஃபைக்குப் பூட்டே இல்லை. வேறு யாரோ அதில் நுழைந்து அனுப்பியிருந்தார்கள். அவர்மீது குற்றம் சாட்டப்படவில்லை. ஆனாலும் விசாரணையை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

யாரிடமும் சொல்லாமலே பாஸ்வேர்டு கைமாறுவதும் உண்டு. நினைவில் நிற்கட்டும் என்று வீட்டுக்காரரின் செல்போன் எண்ணையே பாஸ்வேர்டாகப் போடுவது பல இடங்களில் வழக்கம். இது மிக மோசமான வழக்கம். இன்று பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 முறையில், போன் இணையும் நொடியில் பறக்கும் அந்த விடையைப் பக்கத்திலிருக்கும் லேப்டாப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பிறகு எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பொருத்திப் பார்க்கலாம். நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்குப் பத்து லட்சம் எண்களைச் சோதிக்கும். நம் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்குகின்றன என்பதால் மொத்தமே 400 கோடி. எல்லாவற்றையும் சோதித்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது. எட்டு இலக்க எண் என்றால் இரண்டு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். எழுத்தும் எண்ணும் கலந்து, எந்த அர்த்தமும் இல்லாத பன்னிரண்டு குறிகள் இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இன்னொரு கசிவு கியூஆர் படம். ஊரிலிருந்து வரும் மாமாவுக்காகப் போனில் 'ஷேர்' அழுத்தி, அந்தக் கட்டத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது இதுதான்:

```
WIFI:T:WPA;S:Block-B;P:k7mq2xw9rt4h;;
```

`P:`-க்குப் பின்னால் இருப்பது பாஸ்வேர்டு, எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே. படம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பாஸ்வேர்டும் இருக்கிறது. விருந்தாளிக்கு இரண்டு நாளில் காலாவதியாகும் தனிக் கோடு வாங்க முடிகிறதா என்று மேனேஜரிடம் கேட்பது நல்லது. பல அமைப்புகளில் அந்த வசதி உண்டு.

கார்ட்டூன் ஓடிய மறுநாள் காலை 304 அக்கா மேனேஜரிடம் போய், தன் வீட்டு எண்ணில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைக் கேட்டார். வீட்டில் இருப்பவை ஏழு, பட்டியலில் ஒன்பது. ஒன்று பையனுடைய போன். இன்னொன்று அவர் போனேதான். இப்போதைய போன்கள் தங்கள் உண்மையான வன்பொருள் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும். செட்டிங்கில் அதை மாற்றினால் அதே போன் புதிய கருவியாக இன்னொரு முறை பதிவாகும்.

பாஸ்வேர்டை மாற்றினார்கள். டிவி, கேமரா, வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றிலும் மறுபடி அடிக்க அரைநாள் ஆனது. எதிர்வீட்டுக் கோடு ஏன் இணையவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு வீட்டுக்குப் பத்துக் கருவிகள்தான் கணக்கு. அங்கே முன்பு குடியிருந்து காலிசெய்துபோன குடும்பத்தின் போன்களும் டேப்லெட்டும் அதில் ஆறு இடங்களை இன்னும் பிடித்துவைத்திருந்ததால், பையனின் போனுக்கு இடமில்லாமல் போயிருந்தது. மேனேஜர் அவற்றை நீக்கி, அந்த வீட்டுக்கும் புதுக் கோடு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் பையனின் கார்ட்டூன் அவன் வீட்டு டிவியிலேயே ஓடியது.