வெக்கையைக் கணக்கிடும் எக்செல் தாள் எப்போது பொய் சொல்லும்?

2016ஆம் ஆண்டு வடக்கு, கிழக்கில் 65,000 பொருத்து வீடுகளைக் கட்டும் திட்டம் பற்றிப் பெரும் விவாதம் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அப்போது கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று வெக்கை பற்றியது. வன்னி வெயிலில் இந்தச் சுவருக்கும் கூரைக்கும் கீழே ஆட்கள் எப்படி இருப்பார்கள்? தகரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தவர்களுக்கு இது வெறும் கேள்வி அல்ல. இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போது பொறியியலாளர்கள் பெரும்பாலும் ஒரு கணிப்பைக் காட்டுவார்கள். காலை ஆறு மணிக்கு இத்தனை பாகை, மதியம் இத்தனை, இரவு பத்து மணிக்கு இத்தனை என்று அதில் ஒரு வளைகோடு இருக்கும். அந்த வளைகோடு எங்கிருந்து வருகிறது, அது எந்த இடத்தில் முழுப் பிழையாகிப் போகும் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன். கட்டட வெப்பக் கணிப்புகளோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. இதற்கு உயர்தரக் கணிதம்கூடத் தேவையில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல் போதும்.

பத்து சென்ரிமீற்றர் தடிப்பான ஒரு கொங்கிறீற் தட்டுக் கூரையை எடுப்போம். அதைத் தடிப்பின் வழியே இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளியாகப் பிரித்தால் மேற்பரப்பு, உள்ளே நான்கு புள்ளிகள், கீழ்ப்பரப்பு என்று மொத்தம் ஆறு புள்ளிகள் வரும். தொடக்கத்தில் எல்லாமே 30 பாகை. வெயில் ஏறி மேற்பரப்பு திடீரென 50 பாகைக்குப் போய் அங்கேயே நிற்கிறது என்றும், கீழ்ப்பரப்பு 30இலேயே இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையான கூரை இவ்வளவு ஒழுங்காக நடக்காது. ஆனால் விடயத்தைப் பார்க்க இது போதும்.

வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் தன் இரு பக்கத்து அயலவரைப் பார்க்கிறது. அவர்கள் இருவரும் சேர்ந்து தன்னைவிட எவ்வளவு சூடு என்று பார்த்து, அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அதுதான் அடுத்த நேரப்படியில் அந்தப் புள்ளியின் வெப்பநிலை. எக்செல் தாளில் ஒரு வரிசை ஒரு நேரம், ஒரு நிரல் ஒரு புள்ளி என்று வைத்தால், முழுக் கணிப்பும் இந்த ஒரு வரிதான்:

```
=B2+$H$1*(A2-2*B2+C2)
```

இதை B3இல் எழுதி, வலப்பக்கம் E வரையும் பிறகு கீழேயும் இழுத்துவிட்டால் போதும். A நிரலில் எப்போதும் 50, F நிரலில் எப்போதும் 30. அடுத்த நேரத்தின் விடையை இந்த நேரத்து எண்களிலிருந்தே நேரடியாக எழுதிவிடலாம், எந்தச் சமன்பாட்டுத் தொகுதியையும் தீர்க்கத் தேவையில்லை. அதனால்தான் இதை வெளிப்படை முறை என்கிறார்கள்.

H1இல் இருக்கும் எண்தான் அந்தப் பங்கு. அதை r என்போம். பொருளின் வெப்பப் பரவுதிறனை நேரப்படியால் பெருக்கி, புள்ளிகளுக்கிடையிலான தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் r வரும். சாதாரண கொங்கிறீற்றின் வெப்பப் பரவுதிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 0.7 சதுர மில்லிமீற்றர். எங்கள் தூரம் 20 மில்லிமீற்றர், அதன் வர்க்கம் 400. ஆகவே நேரப்படியை 286 செக்கன், அதாவது ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தால் r சரியாக அரை. அதை இரட்டித்து ஒன்பதரை நிமிடமாக எடுத்தால் r ஒன்று.

முதலில் r அரை என்று போட்டுப் பாருங்கள். சூத்திரம் மிக எளிமையாகிவிடுகிறது: ஒவ்வொரு புள்ளியின் புதிய வெப்பநிலையும் இரு அயலவரின் சராசரி. நான்கு படிகளுக்குப் பிறகு, அதாவது 19 நிமிடத்தில், மேலிருந்து கீழாக 50, 42.5, 37.5, 32.5, 31.25, 30 என்று வரும். மேலே சூடு, கீழே போகப் போகக் குறைவு. நம்பக்கூடிய விடை. கணினி இல்லாத காலத்தில் இதை வரைந்தே செய்தார்கள். ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் ஷ்மிட் 1924இல் பரப்பிய வரைமுறையில், ஒன்றுவிட்ட இரண்டு புள்ளிகளை அடிமட்டத்தால் இணைத்து, நடுவில் கோடு வெட்டும் இடத்தைப் புதிய வெப்பநிலையாக எடுப்பார்கள். அந்த அடிமட்டம் செய்வது இந்தச் சராசரியைத்தான்.

இனி, வேலையைச் சுருக்க நினைத்து நேரப்படியை ஒன்பதரை நிமிடம் ஆக்கினோம் என்று வைப்போம். r ஒன்று. இப்போது புதிய வெப்பநிலை என்பது இரு அயலவரின் கூட்டுத்தொகையிலிருந்து தன் பழைய வெப்பநிலையைக் கழித்தது. கையாலேயே செய்யலாம்.

```
படி 0:  50   30   30   30   30   30
படி 1:  50   50   30   30   30   30
படி 2:  50   30   50   30   30   30
படி 3:  50   70   10   50   30   30
படி 4:  50  -10  110  -10   50   30
```

மூன்றாவது படியிலேயே கொங்கிறீற்றுக்குள் 70 பாகை. அதைச் சூடாக்குகிற மேற்பரப்பே 50 பாகைதான். 38ஆவது நிமிடத்தில் கூரையின் உள்ளே ஓரிடத்தில் தண்ணீர் கொதிக்கும், அதற்கு இரண்டு சென்ரிமீற்றர் மேலேயும் கீழேயும் தண்ணீர் உறையும். இன்னும் ஒரு படி போனால் 170உம் கழித்தல் 130உம் வரும். இந்தத் தட்டில் பிழை ஒவ்வொரு படியிலும் குறி மாறி, ஏறத்தாழ இரண்டரை மடங்காக வளர்ந்துகொண்டே போகும். சூத்திரம் அதே சூத்திரம், கூட்டலில் பிழையில்லை, எக்செல்லிலும் பழுதில்லை. மாறியது நேரப்படி மட்டும்.

ஏன் சரியாக அரை என்ற எல்லை? சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், ஒரு புள்ளியின் புதிய வெப்பநிலையில் அதன் பழைய வெப்பநிலைக்கு உள்ள பங்கு 1 − 2r. r கால் என்றால் அந்தப் பங்கு அரை: தன்னில் பாதி, அயலவரிடமிருந்து பாதி. r அரை என்றால் அது பூச்சியம்: அந்தப் புள்ளி தன் பழைய நிலையை முற்றாக மறந்து அயலவரின் சராசரி ஆகிவிடுகிறது. அதற்கு மேலே போனால் பங்கு எதிர்க்குறி பெறுகிறது. அதன் பொருள், இப்போது ஓர் இடம் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அடுத்த படியில் அவ்வளவுக்குக் குளிராக இருக்கும் என்பது. எந்தக் கொங்கிறீற்றும் அப்படி நடக்காது. உண்மையில், அயலவருக்குச் சூட்டைக் கொடுக்கும்போதே வித்தியாசம் குறைந்துகொண்டு வரும், கொடுப்பதும் மெதுவாகும். எங்கள் கணிப்போ படியின் தொடக்கத்தில் இருந்த வித்தியாசத்தை முழுப் படிக்கும் அப்படியே வைத்திருக்கிறது. படி நீண்டால், வித்தியாசம் தீர்ந்த பிறகும் சூட்டை இறைத்துக்கொண்டே இருக்கிறது. சமநிலையைத் தாண்டி மறுபக்கம் போய் விழுகிறது. அடுத்த படியில் இன்னும் பெரிய வித்தியாசத்தோடு திரும்பி வருகிறது.

இந்த உதாரணத்தில் பிழை கண்ணில் குத்துகிறது. எல்லையைச் சற்றே தாண்டிய கணிப்புகள்தான் ஆபத்தானவை. r 0.6 என்றால் இந்தத் தட்டில் பிழை படிக்கு 17 சதவீதம்தான் வளரும். முதல் சில படிகளில் அது ஒரு சிறு நடுக்கம் போலத் தெரியும், “அளவீட்டுத் தளம்பல்” என்று சொல்லி யாராவது வளைகோட்டை வழுவழுப்பாக்கியும் விடுவார்கள். ஒன்றுவிட்ட ஒரு படியை மட்டும் அச்சிட்டால் இன்னும் மோசம். குறி மாறுவது மறைந்து, வெப்பநிலை ஒரே பக்கமாக ஏறுவதுபோல அழகாகத் தெரியும். ஆகவே நான் ஒரு கணிப்பை வாங்கினால் முதலில் பார்ப்பது, அருகருகான புள்ளிகள் அரிவாட்பல் போல மேலும் கீழுமாக நிற்கின்றனவா என்பதை. அடுத்தது, எந்தப் புள்ளியாவது தொடக்க வெப்பநிலைக்கும் எல்லை வெப்பநிலைக்கும் வெளியே போயிருக்கிறதா என்பதை. உள்ளே வெப்பமூலம் எதுவும் இல்லாத தட்டில் அது நடக்கவே முடியாது. இரண்டுமே தெளிவில்லை என்றால், நேரப்படியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டினால் தெரிந்துவிடும்.

இந்த எல்லை தூரத்தின் வர்க்கத்தில் தங்கியிருப்பதால் ஒரு தண்டனையும் உண்டு. இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம் என்று புள்ளித் தூரத்தை ஒரு சென்ரிமீற்றர் ஆக்கினால், அனுமதிக்கப்பட்ட நேரப்படி 286 செக்கனிலிருந்து 71 செக்கனுக்கு இறங்கும். புள்ளிகளும் இரட்டிப்பதால் வேலை எட்டு மடங்கு. மேற்பரப்பிலும் கவனம் வேண்டும். அதை 50 பாகை என்று கட்டி வைக்காமல் காற்றோடு வெப்பம் பரிமாற விட்டால், அந்த ஓரப் புள்ளிக்கு அரைத் துண்டு கொங்கிறீற்தான் சொந்தம். அது விரைவில் சூடாகி விரைவில் ஆறும். சாதாரண காற்றுக்கு, அதாவது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு பாகைக்கு 20 வாற் என்று எடுத்தால், எல்லை 222 செக்கனாகக் குறைகிறது. உள்ளே r அரைக்குக் கீழே இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவரின் கணிப்பு ஓரத்திலிருந்து உடையத் தொடங்குவது இதனால்தான்.

தகரக் கூரைக்கு வந்தால் நிலைமை வேடிக்கையாகிவிடும். அரை மில்லிமீற்றர் உருக்குத் தகட்டை இரண்டாகப் பிரித்தாலே, உருக்கின் பரவுதிறன் கொங்கிறீற்றைவிடப் பல மடங்கு என்பதால், எல்லை ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்கு வந்துவிடுகிறது. ஒரு நாளைக் கணிக்க மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட படிகள் வேண்டும். அதற்குக் கிடைக்கும் பலன் ஒன்றுமில்லை, ஏனென்றால் தகட்டின் மேலும் கீழும் எப்போதும் ஏறத்தாழ ஒரே சூடுதான். எனவே முழுத் தகட்டையும் ஒரே புள்ளியாக எடுப்பதுதான் புத்தி. ஒரு சதுர மீற்றர் தகட்டின் எடை நான்கு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. அதை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 1,900 யூல் வேண்டும். இரு பக்கமும் சேர்ந்து பாகைக்கு 30 வாற் இழந்தால், அதன் இயல்பான கால அளவு ஒரு நிமிடம். கொட்டிலில் இருந்தவர்கள் இதை அறிவார்கள்: முகில் ஒன்று மறைத்த சில நிமிடங்களில் தகரம் சடசடவென்று சுருங்கத் தொடங்கும். கணிப்பும் அதே ஒரு நிமிடத்துக்குக் கட்டுப்பட்டதுதான். நேரப்படி அதைத் தாண்டினால் விடை மேலும் கீழும் துள்ளும். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் துள்ளல் வளரும்.

தகரம், நடுவே காற்று, கீழே ஒரு தடித்த பலகை என்று கலந்து வரும் கூரையில், எல்லாவற்றிலும் சிறிய எல்லையே முழுக் கணிப்பையும் ஆளும். அந்த இடத்தில்தான் பலர் வெளிப்படை முறையைக் கைவிட்டு, கிராங்கும் நிக்கல்சனும் 1947இல் வெளியிட்ட முறை போன்றவற்றுக்குப் போகிறார்கள். அங்கே அடுத்த நேரத்து வெப்பநிலைகளும் சமன்பாட்டின் இரு பக்கமும் கலந்திருக்கும், ஒவ்வொரு படியிலும் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும். நேரப்படி எவ்வளவு பெரிதானாலும் பிழை வெடித்து வளராது. ஆனால் படியை அளவுக்கு மீறி நீட்டினால், திடீரென வெயில் அடிக்கும் அந்தக் கணத்தைச் சுற்றி இந்த முறையிலும் மெல்லிய தளம்பல் வரும். அது சில படிகள் தொடர்ந்து, மெதுவாகத்தான் அடங்கும்.