ஏறினாலும் அடிபடாத பட்டர்ஃப்ளை

ஆப்ஷன் சந்தையில் பட்டர்ஃப்ளை போட்டவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. "பங்கு ஏறும்னு சொன்னேன், ஏறுச்சு. ஆனா ரொம்ப ஏறிடுச்சு, போட்ட காசு போச்சு." கணிப்பு சரியாக இருந்தும் பணம் போவது அவர்களை உறுத்துகிறது. அந்தக் கோளாறு பட்டர்ஃப்ளையின் வடிவத்திலேயே இருக்கிறது. ஒரே ஒரு ஸ்ட்ரைக்கை நகர்த்தினால் அதைச் சரிசெய்துவிடலாம். அப்படிச் சரிசெய்ததைத்தான் வியாபாரிகள் புரோக்கன் விங் பட்டர்ஃப்ளை என்கிறார்கள். அதில் என்ன கிடைக்கிறது, பதிலுக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்.

நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் 1,000 ரூபாயில் நிற்கும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். ஒரு லாட்டுக்கு 500 பங்குகள், எக்ஸ்பயரிக்கு இன்னும் 25 நாள். இது கற்பனைப் பங்குதான். விலைகளை மட்டும் அப்படிப்பட்ட ஒரு பங்குக்கு வழக்கமாக இருக்கக்கூடிய அளவில் வைத்திருக்கிறேன். கால் ஆப்ஷன் என்பது, குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமை. அந்தக் குறித்த விலைதான் ஸ்ட்ரைக். 1,000 ஸ்ட்ரைக் கால் திரையில் 1000 CE என்று தெரியும். அதன் பிரீமியம் இன்று 28 ரூபாய். 1040 CE 12 ரூபாய், 1060 CE ஏழரை, 1070 CE ஐந்தே முக்கால், 1080 CE நாலரை.

நம் எண்ணம் இதுதான்: பங்கு மெல்ல ஏறி 1,040 பக்கம் வரும். அதற்கு வழக்கமான பட்டர்ஃப்ளை இப்படி அமையும். 1000 CE ஒன்று வாங்கி, 1040 CE இரண்டு விற்று, 1080 CE ஒன்று வாங்க வேண்டும். 28 கொடுக்கிறோம், 24 வாங்குகிறோம், மறுபடி நாலரை கொடுக்கிறோம். நிகரச் செலவு பங்குக்கு எட்டரை ரூபாய், லாட்டுக்கு 4,250. எக்ஸ்பயரி அன்று பங்கு சரியாக 1,040-ல் முடிந்தால் நம் கையில் இருப்பதன் மதிப்பு 40 ரூபாய். அதைத் தாண்டி ஒவ்வொரு ரூபாய் ஏறும்போதும், விற்ற இரண்டாவது கால் லாபத்தில் ஒரு ரூபாயைத் தின்கிறது. 1,080-ல் மதிப்பு பூஜ்யம். அங்கே போட்ட எட்டரையும் போய்விடும். பங்கு 1,200 போனாலும் அதே கதிதான்.

இப்போது மேல் பக்க இறக்கையை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுப்போம். 1080 CE-க்குப் பதில் 1070 CE வாங்கினால் செலவு ஒன்பதே முக்கால் ஆகிறது. ஆனால் விற்ற கால்கள் தின்னும் தூரம் 40 ரூபாயிலிருந்து 30-ஆகக் குறைந்துவிட்டது. அதனால் பங்கு எவ்வளவு உயரம் போனாலும் 10 ரூபாய் மதிப்பு மிஞ்சும். செலவைக் கழித்தால் கால் ரூபாய் லாபம். மேல் பக்க நஷ்டம் அத்தோடு மறைகிறது. இன்னும் பத்து ரூபாய் இழுத்து 1060 CE வாங்கினால் செலவு பதினொன்றரை, மேலே மிஞ்சுவது 20. அதாவது பங்கு 1,060-ஐத் தாண்டி எங்கே போனாலும் எட்டரை ரூபாய் லாபம், லாட்டுக்கு 4,250.

இந்த மூன்றாவது வடிவத்தைத்தான் நான் விரும்புவேன். முதலில் எட்டரை ரூபாய் நஷ்டமாக இருந்த மேல் பக்கம், கூடுதலாக மூன்று ரூபாய் செலவழித்ததும் எட்டரை ரூபாய் லாபமாகிவிட்டது. உச்ச லாபம் முப்பத்தொன்றரையிலிருந்து இருபத்தெட்டரைக்கு இறங்குகிறது. அது பெரிய இழப்பில்லை, ஏனென்றால் பங்கு சரியாக 1,040-ல் வந்து முடிவது அபூர்வம். எந்த ஸ்ட்ரைக்குகளை எடுத்தாலும் சோதிப்பது ஒன்றைத்தான். கீழ் இறக்கையின் அகலத்திலிருந்து மேல் இறக்கையின் அகலத்தைக் கழியுங்கள். வருகிற எண் நீங்கள் கொடுத்த நிகரச் செலவைவிட அதிகமாக இருந்தால் மேல் பக்கத்தில் நஷ்டம் கிடையாது. இங்கே 40-லிருந்து 20 போனால் 20, செலவு பதினொன்றரை.

ஆபத்து முழுதும் இப்போது கீழ் பக்கத்தில் இருக்கிறது. 1,000-க்குக் கீழே எங்கே முடிந்தாலும் போட்ட பதினொன்றரை ரூபாய், லாட்டுக்கு 5,750, முழுதாகப் போகும். அதற்கு மேல் போகாது. முதல் திரும்ப வருகிற இடம் 1,011.50. பங்கு இன்று இருக்கும் இடத்திலேயே அசையாமல் நின்றாலும் நஷ்டம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். சந்தை கொடுக்கும் பிரீமியங்களை வைத்துப் பார்த்தால், 1,011.50-ஐத் தாண்டி முடிய வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் கீழே. ஒரு பக்கம் ஆபத்தில்லை என்றால் ஆபத்தே இல்லை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பங்கு ஏறும் என்ற நம்பிக்கை இல்லாதவர் இதைத் தொடக் கூடாது.

நம்பிக்கை மிக அதிகமாக இருப்பவருக்கும் இது பொருந்தாது. இந்த அமைப்பைப் பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும். 1000 CE வாங்கி 1040 CE ஒன்று விற்றால் அது சாதாரண புல் கால் ஸ்ப்ரெட். செலவு 16 ரூபாய், 1,040-க்கு மேல் எங்கே முடிந்தாலும் லாபம் 24. அதன் மேல் இன்னொரு 1040 CE-ஐ விற்று 1060 CE-ஐ வாங்கி நாலரை ரூபாய் வசூலித்திருக்கிறோம். அவ்வளவுதான். அந்த நாலரைதான் நஷ்டத்தை 16-லிருந்து பதினொன்றரையாகக் குறைத்தது. அதுவேதான் 1,060-க்கு மேலான லாபத்தையும் 24-லிருந்து எட்டரையாக வெட்டியது. பங்கு 1,100 போகும் என்று நினைப்பவர் புல் கால் ஸ்ப்ரெட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். மிதமான ஏற்றத்தை எதிர்பார்ப்பவருக்குத்தான் புரோக்கன் விங்.

இதே ஸ்ட்ரைக்குகளில் புட் ஆப்ஷன்களை வைத்தும் இதைக் கட்டலாம். 1000 PE ஒன்று, 1060 PE ஒன்று வாங்கி, 1040 PE இரண்டு விற்றால், பணம் கொடுப்பதற்குப் பதில் சுமார் எட்டரை ரூபாய் கைக்கு வரும். பங்கு 1,060-க்கு மேல் முடிந்தால் அந்த எட்டரை நமக்கே. 1,000-க்குக் கீழே முடிந்தால் 20 கொடுக்க வேண்டும். நிகர நஷ்டம் அதே பதினொன்றரை. பணம் முதலில் வருகிறது என்பதற்காக இது மேலானது என்று நம்பிவிட வேண்டாம். மேலும் இந்த புட்கள் பங்கு விலைக்கு மேலே உள்ள ஸ்ட்ரைக்குகள். நம் பங்கு ஆப்ஷன்களில் அங்கே வாங்குபவரும் விற்பவரும் குறைவு, விலை இடைவெளியும் பெரிது. கால்களிலேயே இருப்பது நல்லது.

முதல் முறை போடுபவர்களைத் திகைக்க வைப்பது இதன் நிதானம். ஐந்தே நாளில் பங்கு 1,040-க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். உச்ச மதிப்பான 40 திரையில் தெரியாது. சுமார் 16 ரூபாய்தான் தெரியும், ஏனென்றால் விற்ற இரண்டு கால்களிலும் இன்னும் 20 நாளின் கால மதிப்பு உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்பயரிக்கு மூன்று நாள் இருக்கும்போது பங்கு அதே 1,040-ல் இருந்தாலும் மதிப்பு 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். மீதி 15 ரூபாய் கடைசி மூன்று நாளுக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்காகக் காத்திருக்கும்போது பங்கு எந்தப் பக்கமும் நழுவலாம். அதனால் 24, 25 கண்ணில் பட்டால் முடித்துக்கொள்வதே என் வழக்கமான ஆலோசனை. போட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அதுவே வந்துவிடுகிறது.

காகிதத்தில் இவ்வளவு அழகாக இருப்பதைக் கெடுப்பது செலவு. போடும்போது நான்கு லாட், எடுக்கும்போது நான்கு லாட். கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் நடுவே ஒவ்வொன்றிலும் அரை ரூபாய் நழுவினால் போதும், பங்குக்கு 4 ரூபாய் போய்விடும். மேல் பக்க லாபமே எட்டரை என்னும்போது அது கிட்டத்தட்டப் பாதி. தரகும் வரியும் தனி. தனிநபர் வியாபாரிகளில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதிகம் புரளாத பங்குகளில் நான்கு லாட் உத்திகளைப் போடும்முன் அதை நினைத்துக்கொள்வது நல்லது. மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். வாங்க வேண்டிய 1000, 1060 இரண்டையும் முதலில் வாங்கிவிட்டு அதன் பிறகு 1040-ஐ விற்றால் மார்ஜினும் குறைவாகக் கேட்கும், நடுவே பங்கு பாய்ந்தாலும் வெறுங்கையோடு விற்றவராக நிற்க மாட்டீர்கள்.

நம் ஊர் பங்கு ஆப்ஷன்கள் 2011 ஜனவரி முதல் ஐரோப்பிய முறையில் இருப்பதால், விற்ற காலை எக்ஸ்பயரிக்கு முன் யாரும் நம் தலையில் கட்ட முடியாது. அது ஒரு நிம்மதி. ஆனால் 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு டெரிவேட்டிவ்களும் பணத்தில் தீர்வதில்லை, பங்காகவே கைமாறுகின்றன. மேல் பக்கம் ஆபத்தில்லை என்ற பேச்சில் ஓட்டை விழுவது இங்கேதான். பங்கு 1,060-க்கு மேல் முடிந்தால் வாங்கிய இரண்டும் விற்ற இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், தொல்லை இல்லை. 1,000-க்கும் 1,040-க்கும் நடுவே முடிந்தால் 500 பங்கை எடுத்துக்கொள்ள 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மோசமானது 1,040-க்கும் 1,060-க்கும் நடுவே உள்ள இடம். 1,050-ல் முடிந்தால் கணக்குப்படி பங்குக்கு பதினெட்டரை ரூபாய் லாபம். ஆனால் 1000 CE மூலம் 500 பங்கு வரும், விற்ற இரண்டு 1040 CE-க்காக 1,000 பங்கு கொடுக்க வேண்டும், 1060 CE செல்லாமல் போகும். கையில் இல்லாத 500 பங்கைக் கொடுக்க வேண்டிய நிலை. கொடுக்கத் தவறினால் எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கி, அந்த விலையையும் அபராதத்தையும் நம் கணக்கில் எழுதும். பதினெட்டரை ரூபாய் லாபத்தை அது விழுங்கிவிடக்கூடும்.

எக்ஸ்பயரிக்கு முந்தைய நான்கு நாட்களில், பணத்தில் நிற்கும் வாங்கிய ஆப்ஷன்களுக்கும் டெலிவரி மார்ஜின் படிப்படியாக ஏறத் தொடங்கும். மாத எக்ஸ்பயரி இப்போது கடைசி செவ்வாய்க்கிழமை. பங்கு 1,060-க்கு மேல் வெகுதூரம் போயிருந்தாலொழிய, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் நான்கு லாட்டையும் சேர்த்து மூடிவிட வேண்டும். மூடும்போது வரிசை தலைகீழ்: விற்ற 1040-களை முதலில் திரும்ப வாங்கி, அதன் பிறகு கையில் இருக்கும் இரண்டையும் விற்க வேண்டும்.