‘கிட்டத்தட்ட முடிஞ்சுது சார்’

ஈரோட்டுச் சேலைக் கடை ஒன்றுக்கு இணையக் கடை அமைக்கும் வேலை என்று வைத்துக்கொள்வோம். கெடு ஜூன் 10. இன்று 14. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: “தம்பி, எப்போ முடியும்?” பதில்: “கிட்டத்தட்ட முடிஞ்சுது சார், சின்ன டெஸ்டிங்தான் பாக்கி.”

இதில் பொய் இல்லை, தேதியும் இல்லை. ஆடி விற்பனைக்கு நோட்டீஸ் அடிக்கலாமா என்று கடைக்காரருக்குத் தெரியாது.

நேர்மையான பதில் மிச்ச வேலையை எண்ணுவதில் தொடங்குகிறது. 1,200 சேலைகளில் 800-இன் படமும் விலையும் இன்னும் ஏறவில்லை. நாளுக்கு 100 என்றால் 8 வேலை நாள். சோதனைக்கு 3 நாள். நாளை தொடங்கி, ஞாயிறுகளைக் கழித்தால் ஜூன் 27. பிழை திருத்த 3 நாள் சேர்த்து 30. ‘90 சதவீதம் முடிந்தது’ என்பதில் இந்தக் கணக்கு தெரியவே தெரியாது.

இனி செய்தியை எழுதலாம்:

“ஐயா, சொன்ன தேதியில் முடிக்கவில்லை, மன்னிக்கவும். சேலைகளைப் பதிவேற்றும் நேரத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். வண்டியும் பில்லும் தயார். 800 சேலைகள் பாக்கி. புதிய தேதி ஜூன் 30. ஆன்லைன் பணம் பெற வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு 23-க்குள் முடிய வேண்டும். அதற்கு உங்கள் ஜிஎஸ்டி சான்றிதழ் நாளைக்குள் தேவை. தாமதமானால் தேதியும் தள்ளும். 20 அன்று மாலை நிலவரம் சொல்கிறோம்.”

ஜிஎஸ்டி சான்றிதழைக் கேட்கும் வரி, சொந்தத் தவறை ஒப்புக்கொண்ட பிறகே வருகிறது. முதலில் வந்தால் பழி போடுவதாகத் தோன்றும். கடைக்காரர் கோபப்படலாம்தான். ஆனாலும் நோட்டீஸை ஜூலையில் அடிக்க முடிவெடுக்கலாம். 20-ஆம் தேதி 400-க்கும் குறைவாக ஏறியிருந்தால் 30-உம் நழுவுகிறது என்று அன்றே தெரிந்துவிடும்.